ஆண் கேட்க, பெண் பதில் சொல்ல: இருகுரல் காதல் பாட்டு எழுதுவது எப்படி?

கேள்வி: நான் இப்போதுதான் பாட்டு எழுதப் பழகுகிறேன். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும் காதல் பாட்டு எழுத முயன்றால், ஒரே கவிதையை இரண்டு பேருக்குப் பங்கு பிரித்துக் கொடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்வதாக எப்படி எழுதுவது?

பதில்:

நீங்கள் எழுதியதை எடுத்து, 'ஆண்' என்று குறித்த இடத்தில் 'பெண்' என்றும், 'பெண்' என்று குறித்த இடத்தில் 'ஆண்' என்றும் மாற்றி எழுதிப் படித்துப் பாருங்கள். பொருள் எங்கும் உடையவில்லை என்றால் அந்தப் பாட்டில் பேசுகிறவர் ஒருவர்தான். "கடலாக நீ வந்தால் அலையாக நான்" என்று அவன் பாட, "வானாக நீ வந்தால் நிலவாக நான்" என்று அவள் பாடுவது கேட்க இனிமையாக இருக்கலாம். ஆனால் அவள் வரியை அவனும், அவன் வரியை அவளும் பாடினாலும் எதுவும் மாறாது. அவன் சொன்னதால் அவள் அதைச் சொல்லவில்லை; அவன் சொன்ன மாதிரியே தானும் ஒன்று சொன்னாள், அவ்வளவுதான். பங்கு பிரித்ததுபோல் உங்களுக்குத் தோன்றுவதன் காரணம் இதுவே. குறை சொற்களில் இல்லை, சொற்களுக்கு முன்னால் இருக்கிறது. இருவரும் ஒன்றையே விரும்புகிறார்கள், ஒரே அளவில் விரும்புகிறார்கள், ஆகவே ஒருவரிடம் ஒருவர் கேட்டுப் பெற எதுவும் இல்லை.

திருக்குறளில் புலவி நுணுக்கம் என்ற அதிகாரத்தில் ஒரு குறள் இருக்கிறது. "யாரினும் காதலம் என்றேனா ஊடினாள் யாரினும் யாரினும் என்று." எவரைக் காட்டிலும் உன்மேல் எனக்குக் காதல் மிகுதி என்று அவன் சொல்கிறான். அவளோ 'எவரைக் காட்டிலும், எவரைக் காட்டிலும்' என்று கேட்டு ஊடுகிறாள். அவன் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள், அந்தச் சொல் அவள் வாயில் வேறு பொருளாகிவிட்டது. அவன் இனி முன்பு பேசியதுபோல் பேச முடியாது. அந்த 'யாரினும்' என்பதற்கு அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும். பதில் என்று நான் கருதுவது இதைத்தான்: அடுத்து முதல் குரல் என்ன பாடலாம் என்பதை இரண்டாம் குரல் மாற்றிவிட வேண்டும். பெண் பாடி முடித்த பிறகும் ஆண் தான் முதலில் எழுதி வைத்திருந்த அடுத்த வரியையே பாட முடிகிறது என்றால், நடுவில் அவள் பாடியது பதில் ஆகாது.

இப்படி மாற்றி மாற்றிப் பேசும் பாட்டுக்குத் தமிழில் இலக்கணமே உண்டு. தொல்காப்பியம் கலிப்பாவின் வகைகளில் ஒன்றாக உறழ்கலியைச் சொல்கிறது. கூற்றும் அதற்கு மாற்றமும், அதாவது ஒருவர் பேச்சும் மற்றவர் மறுமொழியும், இடையிடையே கலந்து வருவது அதன் இயல்பு. அதற்குப் 'போக்கு' இல்லை என்றும் அதே சூத்திரம் சொல்கிறது. போக்கு என்பது பாட்டைக் கட்டி முடிக்கும் சுரிதகம். எழுதத் தொடங்குபவருக்கு இதில் ஒரு நல்ல குறிப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். உரையாடல் பாட்டில் கவிஞர் தனியாக வந்து முடித்துவைக்க வேண்டியதில்லை, பேசுகிற இருவரே எங்கே வந்து நிற்கிறார்களோ அங்கே பாட்டு நிற்கும்.

இனி ஒரு பாட்டை முதலிலிருந்து கட்டிப் பார்ப்போம். களமாகத் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தை எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தொழிலில் மழைக்கு இரண்டு முகங்கள் இருப்பதுதான் காரணம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் உப்பு விளைவது நின்றுபோகும், பாத்தியில் வேலை இருக்காது. அதற்குள் வாரிக் குவித்த உப்பை, அம்பாரங்களாகக் கட்டி ஓலை வேய்ந்து மூடி வைக்க வேண்டும், மூடாவிட்டால் கரைந்துபோகும். இப்போது அந்தப் பெண் உப்பளத்தில் வேலை செய்கிறாள் என்றும், அவன் அவளோடு பேசப் பொழுது கிடைக்காமல் ஏங்குகிறான் என்றும் வைத்துக்கொள்வோம். அவனுக்கு மழை வேண்டும், மழை வந்தால்தான் அவளுக்கு ஓய்வு. அவளுக்கு மழை வேண்டாம், மழை வந்தால் அவள் உழைப்பு கரையும். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அன்பு இருக்கிறது. ஆனால் வானத்தில் ஒரு மேகம் வந்தால் ஒருவர் மகிழ்வார், மற்றவர் அஞ்சுவார். இந்த வேறுபாடு கிடைத்தவுடன் பாட்டில் பாதி வேலை முடிந்துவிட்டது என்பேன். இது கிடைக்கும்வரை ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

அடுத்து, மெட்டையும் எதுகையையும் மறந்துவிட்டு, இருவரின் பேச்சை வெறும் பேச்சாக எழுதிக்கொள்ளுங்கள். மழை வரட்டும், நாம் பேசலாம் என்கிறான் அவன். வேண்டாம், உப்புப் போய்விடும் என்கிறாள் அவள். போனால் என்ன, அந்தக் கூலியை நான் தருகிறேன் என்கிறான். நான் உன்னிடம் காசா கேட்டேன், போவது என் உழைப்பு என்கிறாள். அப்படியானால் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறான். ஓலை கொண்டு வா என்கிறாள். மூடட்டுமா என்று அவன் கேட்க, நீ மூடுவதைக் கண்டால் மழை வரட்டும் என்கிறாள். எட்டு வாக்கியங்கள்தான். ஆனால் இதில் எந்த வாக்கியத்தையும் இடம் மாற்ற முடியாது என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் அதற்கு முந்தைய வாக்கியத்தால் பிறந்திருக்கிறது. அவன் காசு தருகிறேன் என்று தவறாகப் பேசாமல் இருந்திருந்தால், தான் இழப்பது காசை அல்ல என்று அவள் சொல்ல வாய்ப்பே வந்திருக்காது. காதல் பாட்டில் ஒருவர் சற்றுத் தவறாகப் புரிந்துகொள்வது மிகவும் பயனுள்ளது. திருத்தும்போது மற்றவருடைய மனம் வெளிப்படுகிறது.

இனி மெட்டு. இசையமைப்பாளர் தத்தகாரமாக இதைத் தந்தார் என்று கொள்வோம்:

தன்னானே தன்னானே தந்தானே தானே

தெம்மாங்கு கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த நடை அந்நியமாக இருக்காது. மூன்று அசைகள் கொண்ட சீர் மூன்றும், இரண்டு அசைகள் கொண்ட சீர் ஒன்றும் இருக்கின்றன. எல்லாமே நேரசை; அதாவது தனிக் குறிலோ நெடிலோ, அல்லது அவற்றோடு ஒற்று சேர்ந்ததோதான் ஒவ்வோர் இடத்திலும் வர வேண்டும். இரண்டு குறில்கள் அடுத்தடுத்து வந்தாலோ, குறிலை அடுத்து நெடில் வந்தாலோ, அவை சேர்ந்து நிரையசை ஆகிவிடும். இந்த மெட்டில் அவை உட்காராது.

இங்கேதான் எனக்கு முதல் தடை வந்தது. பாட்டே மழையைப் பற்றியது. ஆனால் 'மழை' என்ற சொல் இந்த மெட்டில் நிற்கவில்லை. 'மழைதான்' என்று தொடங்கினால் முதல் எழுத்து குறில், அடுத்தது 'ழை', இரண்டும் சேர்ந்து ஒரே அசையாகிவிடுகின்றன. மெட்டோ அந்த இடத்தில் இரண்டு தனித்தனி அசைகளைக் கேட்கிறது. பாடகர் வேறு வழியின்றி 'மா... ழைதான்' என்று நீட்டுவார், கேட்பவருக்கு 'மாழை' என்று விழும். தொடக்கநிலையில் எழுதுபவர் இந்த இடத்தில் இசையமைப்பாளரிடம் மெட்டை மாற்றச் சொல்லுவதையும், அல்லது பாடகர் சமாளித்துக்கொள்வார் என்று விட்டுவிடுவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேண்டாம். அந்தச் சொல்லைச் சொல்லாமலே அந்தப் பொருளைக் கொண்டுவரும் வேறு சொல் இருக்கிறதா என்று தேடுவதே நல்லது. மழைக்கு முன் மேகம் வருகிறது. 'மேகந்தான்' என்பதில் 'மே', 'கந்', 'தான்' என்று மூன்று நேரசைகள் அழகாக அமர்கின்றன. பிறகு பார்த்தால், மழை இன்னும் பெய்யவில்லை, மேகம்தான் திரள்கிறது என்று ஆனதால் பாட்டுக்கு ஓர் அவசரமும் கிடைத்துவிட்டது. அவள் உப்பைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. மழை பெய்துகொண்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பல்லவியை இப்படி அமைத்தேன்:

ஆண்:
மேகந்தான் கூடட்டும் வாடைதான் வீச
வேலைதான் ஓயட்டும் நாம் கூடிப் பேச

பெண்:
மேகந்தான் கூடாதே உப்பெல்லாம் போகும்
நான் பட்ட பாடெல்லாம் தண்ணீராய் ஆகும்

ஆணின் வரிகளில் 'வீச', 'பேச' என்று கடைசிச் சீர்கள் ஒலியால் இணைகின்றன. வரித் தொடக்கத்தில் உள்ள மேகாரமும் வேகாரமும் மரபில் ஒன்றுக்கொன்று மோனையாக வரக்கூடியவை. இவையெல்லாம் வேண்டியவைதான் என்றாலும், நீங்கள் உற்றுப் பார்க்க வேண்டியது 'கூடட்டும்' என்பதும் 'கூடாதே' என்பதும் நிற்கும் இடத்தை. அவள் அவனுடைய முதல் சீரை அப்படியே எடுத்துக்கொள்கிறாள், மெட்டும் அதே மெட்டுதான். கேட்பவர், அவளும் அதே வரியைத் திரும்பப் பாடப் போகிறாள் என்று ஒரு நொடி நினைப்பார். இரண்டாம் சீரில் அந்த எதிர்பார்ப்பு உடைகிறது. பதில் தொடங்கும்போது பழைய சொல், அடுத்த சீரில் புதிய திருப்பம் என்ற இந்த ஒழுங்கு பல்லவிக்கு மிகவும் ஏற்றது. ஏனெனில் பல்லவி திரும்பத் திரும்ப வரும். ஒரே சொல்லில் தொடங்கி அடுத்த சொல்லிலேயே பிரியும் இரண்டு வரிகள் கேட்பவர் மனத்தில் சீக்கிரம் பதியும்.

இன்னொன்றும் அங்கே நிகழ்கிறது. அவன் 'நாம் கூடிப் பேச' என்று பாடியிருக்கிறான். மேகம் கூடுவதும் காதலர் கூடுவதும் ஒரே வினைச்சொல். ஆகவே அவள் மேகத்தைப் பார்த்துக் 'கூடாதே' என்னும்போது, தன்னையும் அவனையும் சேர்த்தே தடுத்துக்கொள்கிறாள். அவள் அப்படி எண்ணிச் சொன்னாளா என்பது பாட்டில் இல்லை, கேட்பவர் உணர்ந்துகொள்ளட்டும். இந்த மாதிரிச் சொற்களைத் தேடி எடுப்பதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும். அவன் வரியை எழுதும்போதே, இதில் எந்தச் சொல்லை அவள் பிடிப்பாள் என்று கேட்டுக்கொண்டு எழுதுங்கள். பிடிக்க ஒரு சொல்லும் இல்லாத வரியை எவ்வளவு அழகாக எழுதினாலும், அது இருகுரல் பாட்டில் கேள்வியாக நிற்காது. வினாக்குறி போட்டால் மட்டும் ஒரு வரி கேள்வியாகிவிடுவதும் இல்லை. 'கூடட்டும்' என்பதில் வினாவே இல்லை, ஆனாலும் அது அவளிடமிருந்து பதிலை வாங்கிவிட்டது. மறுதலையாக, 'நீ யாரோ? நான் யாரோ?' என்று வரிசையாக வினாக்களை அடுக்கிவிட்டுப் பதிலுக்கு இடமில்லாமல் போன பாட்டுகளை நானே தொடக்கத்தில் எழுதியிருக்கிறேன். அவற்றை மேடையில் பாடியபோது பெண் குரல் எதிரொலிபோல் நின்றது.

சரணத்துக்கு வருவோம். பல்லவியில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரிகள் கொடுத்தோம். சரணத்திலும் அதே அளவைத் தொடர்ந்தால், வாதம் சூடு பிடிக்கும் நேரத்தில் பாட்டு ஆறிவிடும். வாக்குவாதம் முற்றும்போது மனிதர்கள் நீளமாகப் பேசுவதில்லை. ஆகவே முறையைக் குறுக்குகிறேன்: முதலில் ஆளுக்கு ஒரு வரி, அடுத்து ஆளுக்கு அரை வரி.

ஆண்: கூலிக்கா வாடாதே நான் தந்தாப் போச்சு
பெண்: உன் காசு கேட்டேனா? என் பாடு போச்சு

இந்த இரண்டு வரிகளுக்காக நான் பட்ட பாட்டைச் சொல்வது உங்களுக்குப் பயன்படும். முதலில் அவளுடைய பதிலை 'உன் காசு உன் கூலி என் பாடு வேற' என்று எழுதினேன். பொருள் சரியாக இருந்தது. ஆனால் பாடிப் பார்த்தபோது ஓரிடத்தில் சறுக்கியது. 'காசு' என்ற சொல்லின் இறுதியில் இருப்பது குற்றியலுகரம். அடுத்த சொல் 'உன்' என்று உயிரெழுத்தில் தொடங்குகிறது. வாய் தானாகவே இரண்டையும் சேர்த்துக் 'காசுன்' என்றாக்கிவிடும், ஓர் அசை காணாமல் போகும், மெட்டில் ஒரு பள்ளம் விழும். எழுதிய தாளில் இது தெரியாது. ஆகவே எழுதியதைத் தாளத்தோடு வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. உகரத்தில் முடியும் சொல்லுக்குப் பின் உயிரெழுத்து வருகிறதா என்று தனியே ஒரு முறை தேடிப் பார்ப்பதும் நல்லது. 'கேட்டேனா', 'என்' என்பவற்றுக்கு இடையிலும் உயிரும் உயிரும் சந்திக்கின்றன. ஆனால் அங்கே நெடில் இருப்பதால் ஒலி கரைவதில்லை. கேள்வி முடிந்து ஒரு சிறு மூச்சுக்கும் இடம் கிடைக்கிறது.

திருத்தியபோது கிடைத்த லாபம் 'போச்சு' என்ற சொல். 'நான் தந்தாப் போச்சு' என்று அவன் சொல்வது நாம் அன்றாடம் பேசுவதுதான். இதோடு தீர்ந்தது, இதற்கா கவலை என்று பொருள். அவள் 'என் பாடு போச்சு' என்னும்போது அதே சொல் இழப்பாகிவிடுகிறது. அவனுக்கு எளிதாகத் தீர்ந்துபோவது அவளுக்குக் கையை விட்டுப் போவது. ஒரே சொல் ஒலியில் இயைந்து, பொருளில் மோதுகிறது. பொதுவாக இயைபுக்காக வெவ்வேறு சொற்களைத் தேடுவோம், ஒரே சொல்லை இரண்டு முறை போடுவது சோம்பல் என்று கருதுவோம். தனிக்குரல் பாட்டில் அது சரி. இருகுரல் பாட்டில் ஒரு சொல் கை மாறும்போது பொருளும் மாறுமானால், அதைவிடச் சிறந்த இயைபு கிடையாது. பொருள் மாறாமல் கை மட்டும் மாறினால் அது சோம்பலேதான்.

'பாடு' என்ற சொல் பல்லவியிலேயே அவள் வாயில் வந்துவிட்டது என்பதையும் பாருங்கள். 'நான் பட்ட பாடெல்லாம்' என்று முன்பே சொல்லியிருக்கிறாள். அவன் அதைக் கூலி என்று கேட்டுக்கொண்டான். அவள் மறுபடியும் 'பாடு' என்றே சொல்லித் திருத்துகிறாள். ஒருவருக்கென்று ஒரு சொல்லை இப்படி வைத்துக்கொள்வது இரண்டு குரல்களையும் பிரித்துக் காட்ட உதவும். அவள் 'பாடு' என்பாள், அவன் 'கூலி' என்பான். பேச்சு வழக்கை எடுத்துக்கொண்டால் இருவருக்கும் அதே வழக்குதான் இருக்க வேண்டும், அவனுக்குச் செந்தமிழும் அவளுக்குக் கொச்சையுமாக எழுதி வேறுபாடு காட்டுவது பொய்யாக ஒலிக்கும். வேறுபாடு அவர்கள் தேர்ந்தெடுக்கும் சொல்லில் இருந்தால் போதும்.

இதற்கடுத்து அரை வரிகள்:

ஆண்: நானென்ன செய்யட்டும்?
பெண்: ஓலைதான் கொண்டா
ஆண்: அம்பாரம் மூடட்டா?
பெண்: நீ மூடக் கண்டா...

இங்கே ஒரு வரியின் முதல் இரண்டு சீர்கள் அவனுக்கு, கடைசி இரண்டு சீர்கள் அவளுக்கு. ஒரு வரியையே இருவரும் சேர்ந்து முடிக்கிறார்கள். எதுகை அவள் பக்கத்தில் மட்டும் வருகிறது: 'கொண்டா', 'கண்டா'. அவன் கேட்கும் இடங்களில் எதுகை வைக்கவில்லை, அது வேண்டுமென்றே செய்தது. கேள்வி திறந்து நிற்க வேண்டும், பதில் மூட வேண்டும். கேள்வியிலும் ஒலி அடைபட்டுவிட்டால் கேட்பவர் காது பதிலுக்குக் காத்திருக்காது.

ஆனால் கடைசிப் பதிலை நான் மூடவில்லை. 'நீ மூடக் கண்டா' என்பது முடியாத வாக்கியம். கண்டால் என்ன? அந்த 'என்ன' என்பதற்கு விடையாகத்தான் பல்லவி திரும்பி வருகிறது:

பெண்: மேகந்தான் கூடட்டும்
இருவர்: வாடைதான் வீச
வேலைதான் ஓயட்டும் நாம் கூடிப் பேச

முதலில் அவன் பாடிய அதே வரி, ஓர் எழுத்தும் மாறவில்லை. இப்போது அதை அவள் தொடங்குகிறாள். 'கூடாதே' என்றவள் 'கூடட்டும்' என்கிறாள். அவள் இணங்கிவிட்டாள் என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டியதில்லை, அந்தச் சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது. 'மேகந்தான் கூடட்டும்' என்பதை அவள் தனியாகப் பாடி, அடுத்த சீரிலிருந்து அவன் சேர்ந்துகொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். இருவரும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து பாடினால், அவள் மனம் மாறியது கேட்காமல் போய்விடும்.

சேர்ந்து பாடும் வரியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் எழுதுபவர்கள் பல்லவியை இருவரும் சேர்ந்து பாடட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பாட்டு தொடங்கும்போதே இருவரும் ஒரே வரியை ஒரே குரலில் பாடிவிட்டால், அதன் பிறகு அவர்கள் பேசித் தீர்க்க ஒன்றும் மிச்சம் இருக்காது. இருவரும் சேரும் இடம், அதுவரை ஒருவர் மட்டுமே சொல்ல முடிந்த ஒன்றை மற்றவரும் சொல்லத் தயாராகிவிட்ட இடமாக இருக்க வேண்டும். நம் பாட்டில் அந்த இடம் ஓலைக்குப் பிறகுதான் வருகிறது. ஓலை கொண்டுவருவது அவன் செய்யும் வேலை, அவள் உழைப்பை அவனும் தொட்டுவிடுகிறான். அது இல்லாமல், 'உன் அன்பு போதும், உப்புப் போனால் போகட்டும்' என்று அவளை இணங்க வைத்திருந்தால், பாட்டு அவளுக்கு அநீதி செய்ததாகியிருக்கும். இருவரில் ஒருவர் மட்டுமே விட்டுக்கொடுக்கும் பாட்டில் இரண்டாம் குரல் மெல்ல மெல்ல ஒலிபெருக்கிபோல் ஆகிவிடுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

குரல்களைப் பற்றி எழுதுபவர் அறிய வேண்டியது கொஞ்சம் உண்டு. ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்கள் ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டையை ஒட்டியும் இயல்பாகப் பாடுவார்கள். இருகுரல் பாட்டில் இருவருக்கும் ஒரே சுருதிதான். ஆகவே ஒரே மெட்டை இருவரும் பாடும்போது ஒருவருக்கு எளிதான இடம் மற்றவருக்கு உச்சியாகவோ அடியாகவோ அமையும். இசையமைப்பாளர் இதைச் சரிக்கட்டுவார் என்றாலும், ஒவ்வொரு குரலுக்கும் உச்ச ஸ்தாயி எந்தச் சீரில் விழுகிறது என்று எழுதுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உச்சியில் நின்று நீட்ட வேண்டிய அசையில் ஆகாரமோ ஓகாரமோ இருந்தால் வாய் திறந்து ஒலி நிற்கும். இகரம், உகரம் இருந்தால் குரல் இறுகும், சொல்லும் தெளிவிழக்கும்.

நம் மெட்டில் பெண்ணின் உச்சி இரண்டாம் வரியின் இரண்டாம் சீர் முடிவில் வருகிறது என்று வையுங்கள். அங்கே 'பாடெல்லாம்' என்பதன் 'லாம்' இருக்கிறது. அவள் அதை விரும்பும் அளவு நீட்டலாம், மெல்லின ஒற்றில் ஒலி மெதுவாக அடங்கும். அதுவே உச்சி மூன்றாம் சீரின் நடுவுக்கு மாறினால் 'தண்ணீராய்' என்பதன் 'ணீ' அங்கே மாட்டிக்கொள்ளும். அப்போது 'வீணாத்தான் ஆகும்' என்று மாற்றி 'ணா'வை அங்கே வைக்கலாம், பாடுவது எளிதாகும். ஆனால் உப்பு நீராகிக் கரையும் காட்சி போய்விடும், 'வீண்' என்பது எந்தப் பாட்டிலும் வரக்கூடிய சொல். நானாக இருந்தால் முதலில் இசையமைப்பாளரிடம், அந்த உச்சியை ஒரு சீர் முன்னால் நகர்த்த முடியுமா என்று கேட்பேன். முடியாது என்றால்தான் மாற்றுவேன். சொல்லுக்காக மெட்டைக் கேட்பது எல்லா இடத்திலும் செய்யக்கூடியதல்ல. ஒரு பாட்டில் ஓரிடம், அதுவும் அந்தச் சொல் பாட்டின் உயிராக இருந்தால் மட்டும் கேட்கலாம். 'மழை'க்காக நான் கேட்கவில்லை, 'தண்ணீர்' என்பதற்காகக் கேட்பேன்.

குரல் கை மாறும் இடங்களில் ஒலி எப்படி முடிகிறது என்பதும் முக்கியம். 'செய்யட்டும்' என்று அவன் முடிப்பது மகர ஒற்றில். அவன் ஒலி அடங்குவதற்குள் அவள் 'ஓலைதான்' என்று உயிரில் தொடங்கலாம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலும் தெளிவு கெடாது. 'மூடட்டா' என்று ஆகாரத்தில் முடித்து அவன் நீட்டிவிட்டால், அவளுடைய 'நீ' அதற்குள் மூழ்கிவிடும். ஆகவே அந்த இடத்தில் 'டா'வை நீட்டாமல் வெட்டிப் பாட வேண்டும் என்று தாளில் குறித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

தாளில் குறிப்பது சிறிய காரியம் என்று நினைக்க வேண்டாம். இப்போது இரண்டு பாடகர்களும் ஒரே நாளில், ஒரே அறையில் நின்று பாடுவது அரிது. ஒருவர் பாடியது பதிவாகி, பல நாள் கழித்து மற்றவர் வருவார். முன்பு ஒரு பாட்டில் நான் வரிகளை மட்டும் கொடுத்துவிட்டு, யார் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சேர வேண்டும் என்று குறிக்காமல் விட்டுவிட்டேன். பெண் குரல் முதலில் பதிவானது. அவர் அரை வரிகளைத் தனிப்பாட்டின் வரிகளைப்போல் நிதானமாக, அழகாகப் பாடியிருந்தார். பின்னர் ஆண் குரலைச் சேர்த்துக் கேட்டபோது, சண்டை போட வேண்டிய இடத்தில் இருவரும் தனித்தனி அறையில் இருந்து கடிதம் எழுதுவதுபோல் ஒலித்தது, மறுபடியும் பாட வைக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து வரிக்கு மேலே 'ஆண்', 'பெண்', 'இருவர்' என்று எழுதுவதோடு, ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் அது எந்தச் சொல்லுக்குப் பதில் என்பதையும் எழுதிவிடுகிறேன். 'என் பாடு போச்சு' என்ற வரிக்கு எதிரே 'அவன் சொன்ன போச்சுக்கு' என்று இருந்தால், தனியாக நின்று பாடுகிறவருக்கும் யாரிடம், எதற்காகப் பேசுகிறோம் என்பது தெரியும்.

இரண்டாவது சரணம் வேண்டும் என்று கேட்டால், முதல் சரணத்தின் வாதத்தையே வேறு உவமைகளில் திரும்பச் சொல்லாதீர்கள். அவள் ஏற்கனவே 'கூடட்டும்' என்றுவிட்டாள், அதைத் திரும்ப எடுக்க முடியாது. நான் எழுதுவதாக இருந்தால் அங்கே அவளைக் கேட்க வைப்பேன். ஓலை வேய்ந்தாயிற்று, மழையும் வந்துவிட்டது, இனிப் பாத்தியில் வேலை இல்லை. இந்த மழைக்காலம் முழுவதும் பேச உன்னிடம் என்ன இருக்கிறது என்று அவள் தொடங்கட்டும். பேச வேண்டும், பேச வேண்டும் என்று ஏங்கியவன் அந்தக் கேள்விக்கு முன்னால் சொல் கிடைக்காமல் நிற்கட்டும். அவனுடைய முதல் அரை வரியை இரண்டு சீர் அளவுக்கு வெறும் தாளமாக விட்டுவிடச் சொல்லி இசையமைப்பாளரிடம் கேட்பேன்.